விலைப்பலகையில் இரண்டு டீ

அவள் எழுதிய கதையை முதலில் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

தாராவியில் ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது. நான் மாட்டுங்காவிலிருந்து போவேன். பதினைந்து வருஷமாக ஆபீசில் ப்ரோக்ராம் எழுதிச் சம்பாதிக்கிறவள் என்ற கர்வம் எனக்கு உண்டு. என்னோடு சொல்லிக்கொடுக்கும் அவள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான். எங்கள் வகுப்புக்கென்று ஒரு சின்னப் புத்தகம் போடுவதாக இருந்தார்கள். அதில் டிக்‌ஷனரி என்ற பாடத்துக்கு ஒரு கதை வேண்டும். ப்ரோக்ராமில் டிக்‌ஷனரி என்றால், ஒரு பெயரும் அதற்குரிய விவரமும் ஜோடி ஜோடியாக இருக்கும் இடம். பெயரைக் கேட்டால் விவரம் வரும், அவ்வளவுதான்.

நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, காட்டில் முயல் ஒன்று தபால் பெட்டி வைத்திருப்பதாக ஒரு கதை எழுதினேன். வகுப்பில் வாசித்தபோது ஒரு பெண் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டாள்.

அவளோ ஒரே சாயங்காலத்தில் தாராவி நைன்டி ஃபீட் ரோடு டீக்கடையில் நின்று எழுதிவிட்டாள். கதை இவ்வளவுதான். கடைப் பலகையில் இடது பக்கம் பண்டத்தின் பெயர், வலது பக்கம் விலை. ஒரு சிறுமி வந்து "சமோசா?" என்கிறாள். கடைக்காரர் முதல் வரியிலிருந்து ஒப்பிப்பதில்லை, பெயரைக் கேட்டதும் விலையைச் சொல்கிறார். விலை ஏறினால் எண்ணை மட்டும் அழித்து எழுதுகிறார், பழைய விலை போயே போய்விடுகிறது. பாதாம் பால் கேட்டால், பலகையில் இல்லாததை ஏன் கேட்கிறாய் என்று கத்துகிறார். ப்ரோக்ராமும் அப்படித்தான், இல்லாத பெயரைக் கேட்டால் பிழை என்று நின்றுவிடும். எனக்கு இது ஏன் தோன்றவில்லை? வாராவாரம் அந்தக் கடையைத் தாண்டித்தானே போகிறேன்!

"அக்கா, நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க. தப்பு இருந்தா பிள்ளைய முன்னாடி மானம் போயிரும்" என்று தாளை நீட்டினாள்.

பார்த்தேன். கதையின் கடைசியில் பிள்ளைகள் அடிக்க வேண்டிய ப்ரோக்ராம் இருந்தது. கடைப் பலகையை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தாள். மேலே டீ, பத்து ரூபாய். சமோசா, வடாபாவ் எல்லாம் தாண்டி, அடியில் மறுபடி டீ, இருபது. பெரிய கிளாஸுக்கு. பலகையில் இரண்டு டீ இருக்கலாம், வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியும். டிக்‌ஷனரியில் ஒரே பெயர் இரண்டு தடவை நிற்காது. பின்னால் வந்த விலை முன்னால் இருந்ததை அழித்துவிடும், பிழை என்றுகூடச் சொல்லாது. 'சின்ன டீ', 'பெரிய டீ' என்று மாற்றினால் தீர்ந்தது.

"நன்னா இருக்கு" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு புத்தகத்துக்குக் கதை தேர்ந்தெடுக்கும் அம்மாளும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் கதைக்குச் சிரித்தார்கள், ப்ரோக்ராமை அடித்தார்கள். கொட்டாவி விட்ட அதே பெண் டீயின் விலையைக் கேட்டுப் பார்த்தாள். இருபது என்று வந்தது.

"டீச்சர், பத்து ரூபா டீ கிதர் கயா?" எங்கே போச்சு என்று இந்தியில் கேட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் இனித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கதை எழுதியவள் திரையைக் குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் கூடுதலாகவே.

"அக்கா பாத்துத்தான் குடுத்தாங்க" என்றாள் பிள்ளைகளிடம். "நீங்களே கண்டுபிடிக்கணும்னு வேணும்னே விட்டிருக்காங்க. எங்கே, ஏன்னு சொல்லுங்க பாப்போம்."

பத்தே நிமிஷத்தில் அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். வகுப்பே கைதட்டியது. பின்வரிசை அம்மாள் என்னைப் பார்த்து, "அந்த இடம்தான் ரொம்ப அருமை" என்றார். நான் தலையாட்டினேன்.

ஸ்டேஷன்வரை அவளும் கூட வந்தாள். நடக்கும்போது, "நான் கவனிக்கலை" என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, ஒரு கமா விட்டுப்போனாலும் என்னை விடமாட்டீங்க. அன்னைக்கு ஒரு கேள்விகூடக் கேக்கல. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்லா" என்றாள். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் என்னுடைய ரயில் வந்துவிட்டது.

கதை இரண்டு டீயோடு புத்தகத்தில் வந்தது. இப்போது அவள் அடுத்த கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். செம்பூரிலிருந்து புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருகிற ஒருத்தியிடம்தான் தாளை நீட்டி, "ஒரு வாட்டி பாத்துச் சொல்லு" என்கிறாள். அந்தச் செம்பூர்க்காரியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.