டெல்டா பார்த்தியா?

மறுநாள் காலை திருவாரூரில் எனக்கு நிச்சயதார்த்தம். முதல் நாள் காலை வரை லீவு கிடைக்கவில்லை. அப்போது தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தேன். எங்கள் யூனிட் சீஃப்பிடம் ஒரு விநோதப் பழக்கம். லீவு லெட்டரை நீட்டினால் பேனாவை எடுக்க மாட்டார். ஒரு ஏபிஜி கேஸ் கேட்பார். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து, அதில் அமிலம் எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனைதான் ஏபிஜி. படிப்படியாகச் சொல்லி விடையைப் பிடித்தால் கையெழுத்து. தப்பினால் அடுத்த நாள் வேறு கேஸ். எனக்கு அடுத்த நாள் ஏது?

மாப்பிள்ளையை நானேதான் பிடித்தேன். வீட்டைச் சம்மதிக்க வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இவ்வளவும் செய்துவிட்டு நானே போய் நிற்கவில்லை என்றால் அம்மா சும்மா விடுவாளா? காலையிலிருந்து பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எனக்கோ காரணமில்லாமல் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

பெண்கள் வார்டு ரவுண்ட்ஸ் முடியும் இடத்தில் லெட்டரை நீட்டினேன். சீஃப் கையிலிருந்த ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து வாசித்தார்.

“சுகர் பேஷண்ட். விடாம வாந்தி. பிஹெச் ஏழு புள்ளி நாலு. கார்பன் டை ஆக்சைடு நாப்பது. பைகார்ப் இருபத்திநாலு. சோடியம் நூத்தி நாப்பது, குளோரைடு தொண்ணூத்திரெண்டு. சொல்லும்மா.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிஹெச் நார்மல். கார்பன் டை ஆக்சைடு நார்மல். அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட்டும் நார்மல். மனுஷர் கல்யாணப் பரிசு கொடுக்கிறார் என்றே நினைத்தேன்.

“எல்லாம் நார்மல் சார்!” என்றேன், எல்லாப் பல்லும் தெரிய.

“அவசரப்படாத. டெல்டா பாத்தியா?”

“டெல்டாதான் சார், திருவாரூர். பஸ் ஏறினா போய்டலாம்.”

கூட நின்றவர்கள் சிரித்து வெடித்தார்கள். சீஃப் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவர் கேட்டது காவிரி டெல்டாவை அல்ல, கணக்கில் வரும் டெல்டாவை என்று எனக்கு உறைத்தபோது காது சூடாகிவிட்டது. வெட்கத்திலும் எனக்கே சிரிப்பு அடங்கவில்லை.

“சரி, சிரிக்க வச்சதுக்கு இன்னொரு சான்ஸ். சோடியத்துலேருந்து ஆரம்பி.”

“நூத்தி நாப்பதுல குளோரைடையும் பைகார்பையும் கழிச்சா... இருபத்திநாலு சார். பன்னண்டுதான் இருக்கணும். இந்த மிச்சம்தான் கேப், அது ஜாஸ்தி. அப்ப உள்ள அமிலம் சேர்ந்திருக்கு சார்!”

“எவ்வளவு ஜாஸ்தி?”

“பன்னண்டு. அதான் டெல்டா.” இதைச் சொல்லும்போது மறுபடி ஒரு சிரிப்பலை. “அமிலம் மட்டும்னா பைகார்ப் அதே பன்னண்டு குறைஞ்சு, பன்னண்டுகிட்ட வந்திருக்கணும். ஆனா இருபத்திநாலு இருக்கு. அப்ப முன்னாடியே முப்பத்தாறு வரைக்கும் ஏறியிருக்கணும். வாந்தி சார்! வாந்தியில வயித்து அமிலம் வெளிய போய் பைகார்ப் ஏறியிருக்கு. சுகர்னால கீட்டோன்ங்கற அமிலம் சேர்ந்து அதே அளவு இறக்கியிருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மறைச்சிருக்கு. யூரின்ல கீட்டோன் பாக்கணும், இன்சுலின் போடணும், பொட்டாசியம் பாத்துக்கிட்டே போடணும்.”

மூச்சு வாங்கியது. சீஃப் லெட்டரை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. உண்மையில் கொஞ்சம் குதித்தேன்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. குறுவை நடவு மும்முரத்தில் சாப்பாட்டையும் ஊசியையும் சேர்த்தே விட்டுவிட்டு, முந்தின நாள் வாந்தியோடு வந்து சேர்ந்த ஓர் அம்மா. இன்சுலின் ஏறி இப்போது தெளிவாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் டாக்டரம்மா, அது நான் வந்தப்ப எடுத்த ரிப்போர்ட்டுதானே?”

சீஃப் தலையாட்டினார். சற்று முன் நான் பல்லைக் காட்டி நார்மல் என்று சொன்னது இவரைத்தான். நேற்று பணியில் நான் மட்டும் இருந்திருந்தால், வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“மன்னிச்சிடுங்கம்மா,” என்றேன்.

“அட, அதான் அப்பறம் கண்டுபிடிச்சிட்டீங்களே. நாளைக்கு நிச்சயமாமே?” தம்ளரை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மாப்பிள்ளையையும் ஒருதடவ நல்லாக் கழிச்சுப் பாத்துக்குங்க. மேலாகப் பாத்தா எல்லாம் நார்மலாத்தான் தெரியும்.”