ஒன்பதாவது ஜோடி

அலுவலகத்தில் அவளுக்கு 'விளக்கக்கா' என்று பெயர். வேலையும் அதுதான். புரோகிராம் எழுதுகிறவர்கள் எதையாவது மாற்றினால், இன்ன மாற்றம், இதனால் இன்னாருக்கு இன்னது ஆகும் என்று சாதாரண மனிதருக்குப் புரியும்படி நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். புரோகிராமைத் திறந்து பார்க்கும் அனுமதி அவளுக்குக் கிடையாது. மாற்றத்தைத் திரையில் அப்படியே படம் பிடித்து அனுப்புவார்கள். சிவப்புப் பட்டையில் கழித்தல் குறியோடு இருப்பது எடுத்துவிட்ட வரி. பச்சைப் பட்டையில் கூட்டல் குறியோடு இருப்பது புதிதாகச் சேர்த்தது. பட்டையே இல்லாதது தொடாமல் விட்டது. ஏழு வருடமாக இந்தச் சிவப்பையும் பச்சையையும் பார்த்துப் பார்த்து, காய்கறிக் கடையில் தக்காளியும் வெண்டைக்காயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்கூட எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று ஒரு கணம் யோசிக்கும் அளவுக்கு ஆகிவிட்டாள்.

அவர்கள் செய்து கொடுத்த புரோகிராம் ஒரு கப்பல் கம்பெனிக்கு. யார் எந்தக் கப்பலில் ஏறினார், எப்போது இறங்கி வீட்டுக்குப் போகலாம் என்று அது கணக்குப் போடும். நூற்றெண்பது நாள் வேலை, பிறகு விடுப்பு. அந்தக் கம்பெனியின் கப்பல் ஒன்றில்தான் அவள் புருஷன் மின்பணியாளர். அவன் இறங்க இன்னும் இருபத்தாறு நாள்.

சமையலறைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டுகிறது. ஆள் கூப்பிடாதே, நான் வந்து பார்க்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். அவளும் கூப்பிடவில்லை. குழாய்க்கடியில் ஒரு கிண்ணம் வைத்திருந்தாள். காலையில் எழுந்ததும் அந்த நீரை ஜன்னலோரச் செடிக்கு ஊற்றுவாள். வேறு யாராவது வந்து அதை இறுக்கிவிட்டால், அவன் வந்து செய்ய வீட்டில் எதுவும் மிச்சமிருக்காது என்று அவளுக்கு ஒரு பயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒட்டகத்திடமிருந்து ஒரு படம் வந்தது. கழுத்து நீளமான புரோகிராமர் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். கூப்பிட்டால் கோபப்பட மாட்டான். படத்தில் பதினாலு ஜோடி: ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு பச்சை. பழைய சுருக்கப் பெயர்களை எடுத்துவிட்டு முழுப் பெயர்களாக வைத்திருந்தான். பெயரை மட்டும் மாற்றினாலும் பழைய வரி போனதாகவும் புது வரி வந்ததாகவும்தான் படம் காட்டும். கீழே அவனே எழுதியிருந்தான், சும்மா பெயர் மாற்றம்தான், ஒரு வரி போதும் என்று.

அவளும் எழுதிவிட்டாள்: 'உள்பெயர்கள் சீராக்கப்பட்டன. செயல்பாட்டில் மாற்றம் இல்லை.'

ஆனால் எழுதி முடித்த பிறகு ஒரு தபால் உறையைத் திரையில் வைத்து மறைத்து, ஒவ்வொரு ஜோடியாகக் கீழே இறக்கி வாய்விட்டுப் படிப்பது அவள் வழக்கம். ஒன்பதாவது ஜோடியில் உறை நின்றுவிட்டது. மற்ற பதிமூன்றிலும் பெயர்தான் மாறியிருந்தது. இதில் பொருளே மாறியிருந்தது. நூற்றெண்பது நாளை எங்கிருந்து எண்ணுவது என்று சொல்லும் வரி அது. சிவப்பில் 'ஆள் ஏறிய நாள்'. பச்சையில் 'கப்பல் புறப்பட்ட நாள்'.

அவள் புருஷன் ஏறிய பிறகு அவனுடைய கப்பல் இயந்திரம் பழுதாகித் துறைமுகத்திலேயே பத்தொன்பது நாள் நின்றது. அந்த நாட்களில் தினம் ஒரு தடவை பேசினான்.

கோபத்தில் முதலில் எழுதியது: 'இந்த மாற்றத்தால் ஊழியர்கள் வீடு திரும்பத் தாமதமாகும்.' எழுதிப் பார்த்தாள். இது படம் சொன்னது இல்லை, அவள் வயிற்றெரிச்சல் சொன்னது. ஏறிய அன்றே கப்பல் கிளம்பினால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. அழித்துவிட்டு எழுதினாள்: 'விடுப்புக்கான நூற்றெண்பது நாள் இனி ஆள் ஏறிய நாளிலிருந்து அல்ல, கப்பல் புறப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படும். ஏறிய பின் கப்பல் துறைமுகத்தில் காத்திருந்தால், காத்திருந்த நாட்கள் கணக்கில் வராது. விடுப்பு அத்தனை நாள் தள்ளிப்போகும். மற்றவை பெயர் மாற்றங்கள்.'

ஒட்டகம் வந்து எட்டிப் பார்த்தான். அது கப்பல் கம்பெனி கேட்டது, இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்ததில் சொல்ல விட்டுப்போச்சு என்று தலையைச் சொறிந்தான்.

"கழுத்து இவ்வளவு நீளமா இருந்து என்னடா பிரயோஜனம், ஒன்பதாவது வரி உனக்கே எட்டலையே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பிறகு மேலாளரிடம் போய், இந்தக் கம்பெனிக் கப்பலில் என் வீட்டுக்காரர் இருக்கிறார், நான் எழுதியதை வேறு யாராவது ஒரு தடவை பார்க்கட்டும் என்று சொன்னாள். மேலாளர் படத்தையும் விளக்கத்தையும் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சொல்கூட மாற்றாமல் கம்பெனிக்கு அனுப்பினார்.

புதன்கிழமை மதியம் பதில் வந்தது. நாங்கள் கேட்டது இதுதான், ஆனால் பழைய ஒப்பந்தத்தில் ஏறியவர்களுக்கு இது பொருந்தக் கூடாது, விளக்கத்தைப் படித்த பிறகுதான் அது எங்களுக்கு உறைத்தது, நன்றி என்று. அவளுக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. பழைய ஒப்பந்தம் என்றால் ஏற்கெனவே கடலில் இருக்கிறவர்கள் எல்லாரும்தானே. தேநீர் எடுக்கப் போய், வெறும் கோப்பையோடு திரும்பி வந்தாள்.

மாலை நாலு மணிக்கு இரண்டாவது படம். சிவப்பே இல்லை. பச்சையில் ஒரு நிபந்தனை: 'ஏறிய நாள், விதி தொடங்கும் நாளோ அதற்குப் பிறகோ என்றால் மட்டும்' புதுக் கணக்கு, இல்லையென்றால் பழைய கணக்கு. விதி தொடங்கும் நாள் எது என்ற வரி படத்துக்குள் இல்லை. அது வேறெங்கோ மேலே இருக்கும்.

'ஏற்கெனவே கப்பலில் இருப்பவர்களுக்குப் பாதிப்பில்லை' என்று எழுதக் கை துடித்தது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் படத்தில் இல்லாததை அவள் ஒருநாளும் எழுதியதில்லை. மேலே இருக்கும் அந்த வரியையும் படம் பிடித்து அனுப்பு என்று ஒட்டகத்துக்குச் செய்தி போட்டாள். அரை மணி நேரம் அவன் அனுப்பவில்லை. அந்த அரை மணியில் அவள் மனசுக்குள் புருஷன் வந்து இறங்கி, பையைக் கீழே வைத்து, குழாயடியில் குனிந்து, ஸ்பானரைத் தேடி அவளைத் திட்டவும் செய்துவிட்டான்.

படம் வந்தது. புது ஒப்பந்தம் தொடங்கிய மாதத்தின் ஒன்றாம் தேதி. புருஷன் ஏறியது அதே மாதம் நாலாம் தேதி. அதே கப்பலின் சமையல்காரர் ஆறு நாள் முன்னால் ஏறியவர். அவருக்குப் பழைய கணக்கு.

அவள் எழுதினாள்: 'ஒன்றாம் தேதிக்கு முன் ஏறியவர்களுக்கு மாற்றமில்லை. ஒன்றாம் தேதியோ அதற்குப் பின்னோ ஏறியவர்களுக்கு, இப்போது கடலில் இருந்தாலும், புதுக் கணக்கு பொருந்தும்.' உறையை வைத்து வாய்விட்டுப் படித்தாள். 'இப்போது கடலில் இருந்தாலும்' என்ற இடத்தில் குரல் இறங்கியது. அனுப்பினாள்.

மறுநாள் காலை கப்பலிலிருந்து புருஷன் பேசினான். லைன் விட்டு விட்டு வந்தது. பின்னால் இயந்திரச் சத்தம். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஏறும்போது புதுத் தாளில்தான் கையெழுத்துப் போட்டேன், படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டான். பிறகு இருபத்தாறோடு பத்தொன்பதைக் கூட்டினான்.

"நாற்பத்தஞ்சு நாளா அப்போ?"

"நாற்பத்துமூணு. நேத்தோட ரெண்டு போச்சு."

"தேதி தப்பா இருக்க வாய்ப்பு இருக்கா?"

"நான்தாங்க எழுதினேன்."

"அப்போ தப்பா இருக்காது," என்றான். சிரிக்கப் பார்த்தான். "சமையல்காரர் முன்னாடியே இறங்கிடுவாரு. அப்புறம் கடைசி வரைக்கும் எனக்கு நானே பொங்கிக்கணும் போல. குழாய் எப்படி இருக்கு?"

"சொட்டுது."

"ஆளைக் கூப்பிட்டுடேன்."

"பார்க்கலாம்," என்றாள். லைன் போய்விட்டது.

கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அலமாரியிலிருந்து பெரிய பாத்திரமாக ஒன்றை எடுத்துக் குழாய்க்கடியில் வைத்தாள்.