மூன்று கோடுகளும் ஒரே சாம்பல்

என் பெரியப்பா மகளும் நானும் உத்தமபாளையத்தில் ஒரே கல்லூரியில் எம்.காம். படித்தோம். 2008. இருவருக்கும் ப்ராஜெக்ட் மூன்று ஊர்ச் சந்தைகளின் திராட்சை விலைதான். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அவளை முந்திப் பேர் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. சின்ன வயதிலிருந்து அவள் பாவாடை, அவள் மார்க், எல்லாமே எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

பெரியப்பாவுக்குத் தோட்டமும் லாரியும் உண்டு. அவள் ரிப்போர்ட்டைக் கலரிலேயே பிரிண்ட் எடுத்தாள். எங்கப்பா ஒரே போடாகப் போட்டார்: "கருப்பு வெள்ளையில எடு, போதும்."

டிடிபி சென்டர் அண்ணன் என் பிடிஎஃபை கிரேஸ்கேலாக மாற்றி ஒரு பக்கம் எடுத்துக் கொடுத்தார். சிவப்பு, கரும்பச்சை, நீலம் என்று விலை சார்ட்டில் நான் பிரித்துக் காட்டியிருந்த மூன்று சந்தைகளும் ஒரே சாம்பல் நிறக் கோடுகளாகக் கிடந்தன. தன் பிரிண்ட்டுக்காகப் பக்கத்தில் நின்ற அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, மூணு சந்தையும் ஒண்ணாயிருச்சா?"

சிரித்தாள், பாவி! எனக்கு உச்சி மண்டை வரை சூடு ஏறியது.

எக்செலைத் திறந்து உட்கார்ந்தேன். ஒரு சந்தைக்கு முழுக்கோடு, ஒன்றுக்கு விட்டு விட்டு, இன்னொன்றுக்குப் புள்ளி. கோட்டின் முனையிலேயே ஊர்ப் பெயர். வட்டப்படத்தில் வெள்ளை, நடுச்சாம்பல், கருப்பு, ஒவ்வொரு துண்டின் மேலும் அதன் பெயர். மறுபடி பிடிஎஃப், மறுபடி கிரேஸ்கேல். எடுத்த பக்கத்தை ஜெராக்ஸும் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது.

எங்கள் கல்லூரி வழக்கப்படி அசல் பிரதி துறைக்குப் போகும். வெளியிலிருந்து வரும் பரீட்சகர் கையில் ஜெராக்ஸ்தான் இருக்கும். ஜெராக்ஸில் கலரும் சாம்பலாகிவிடும் என்பது எனக்கு நினைவிருந்தது. அவளிடம் மூச்சு விடவில்லை.

வைவாவில் இருவரையும் ஒன்றாகவே உட்கார வைத்தார்கள். பரீட்சகர் அவள் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸைப் பிரித்துக் கண்ணைச் சுருக்கினார். "இதுல எதும்மா தேனி, எது கம்பம்?"

என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அவள் ரிப்போர்ட்டைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மேல இருந்து சரியுறது கம்பம் சார். மழை பேஞ்சா பழம் வெடிச்சிரும், எல்லாரும் ஒரே நேரத்துல அறுத்துக் கொண்டாந்துருவாக. அங்கன அப்ப வெலையே இருக்காது." லாரியில் அப்பாவோடு போய்ப் பார்த்ததையெல்லாம் சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு என்னுடையது. "அருமையான சார்ட்மா, தெளிவா இருக்கு." எனக்குத் தலை நிமிர்ந்தது. புள்ளிக்கோட்டில் விரலை வைத்தார். "இந்த எடத்துல ஏன் திடீர்னு ஏறுது?"

தெரியவில்லை. எண்களைப் பார்த்து அந்தப் புள்ளிக்கோட்டைப் போட்டது நான்தான். சந்தைக்கு ஒரு நாளும் போனதில்லை.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். "ஏன்டி, அந்தக் கோடு எப்படிப் போட்ட? எனக்கும் சொல்லித் தாடி."

அதையாவது கேட்காமல் இருந்திருக்கலாம் அவள்.