ஆறடி அண்ணன்

எங்கள் எக்ஸ்ரே பிரிவில் ஆறடி அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். உயரம் நாலடி பதினோரு அங்குலம். பெயர் உயரத்தால் வந்ததல்ல, வாயால் வந்தது.

எழுந்து வர முடியாத நோயாளிக்குப் படுக்கையிலேயே படம் எடுக்க, சக்கரம் வைத்த போர்ட்டபிள் மெஷினை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார். நோயாளியின் முதுகுக்குக் கீழே படம் பதியும் தட்டை வைத்து, மெஷினின் தலையை நெஞ்சுக்கு நேராகத் திருப்பி, பொத்தான் இருக்கும் சுருள் கயிற்றை இழுக்கிற வரை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்வார். கயிறு விறைத்து நின்றதும் தொண்டையைச் செருமி, வார்டே அதிரும்படி ஒரே ஒரு சொல்: "ஆறடி!" நர்ஸ், ஊசி போட வந்தவர், பார்க்க வந்த சொந்தம், பெருக்குகிற அம்மா எல்லோரும் நோயாளியைவிட்டு ஆறடி விலகிப் போவார்கள். போகவில்லையென்றால் பொத்தானை அமுக்க மாட்டார். முதலமைச்சரே வந்து நின்றாலும் அமுக்க மாட்டார் என்பது எங்கள் பிரிவின் நம்பிக்கை.

பிலிம் கழுவும் இருட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். முப்பது வயதுக்கு மேல், தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து டிப்ளமோ படித்தார். கதிரைத் தடுக்கப் போட்டுக்கொள்ளும் ஈய ஏப்ரனை யாராவது நாற்காலியில் மடித்துப் போட்டுவிட்டால் அன்றைக்குத் தீர்ந்தது. "மடிச்சா உள்ள வெடிப்பு விடும்டா. வெடிப்பு வழியா வர்றது உன்னக் கேட்டுட்டா வரும்?" என்று தாங்கியில் எடுத்து மாட்டும்வரை ஓய மாட்டார். அவர் மனைவியிடம் ஒருமுறை, வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டேன். "பாத்திரம் கழுவுற எடத்துலேருந்து எப்பவும் ஆறடி தள்ளித்தான் தம்பி நிப்பாரு. அதுல தப்பினதே இல்ல" என்றார்.

நான் அவருக்கு இளையவன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் என்பதால் என் அப்பா ஊரில் யாரைக் கண்டாலும், "டாக்டருங்க மேல பாக்குறாங்க, எம்புள்ள உள்ள பாக்குறான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். படம் எடுப்பதோடு, புதிதாகச் சேரும் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதும் என் வேலை.

இந்த வருடம் ஆறு பேர் சேர்ந்தார்கள். முதல் வகுப்பில், கதிரிலிருந்து காக்கும் நேரம், தூரம், தடுப்பு மூன்றையும் சொன்னேன். தூரத்துக்கு வந்ததும், ஊரில் பருத்திக்கு மருந்தடித்த கையல்லவா, ஸ்பிரேயரைத்தான் உதாரணமாக எடுத்தேன்.

"சுவத்துலேருந்து ஒரு அடி தள்ளி நின்னு பெயின்ட் அடிக்கிறேன். ஒரு டைல்ஸ் நனையுது. அதே பெயின்ட்ட ரெண்டு அடி தள்ளி நின்னு அடிச்சா?"

"ரெண்டு டைல்ஸ் சார்" என்றான் முதல் வரிசையில் இருந்தவன். எதைக் கேட்டாலும் முதலில் கை தூக்குகிறவன். அதனால் மற்றவர்கள் அவனுக்கு முந்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அகலமும் ரெண்டு மடங்கு, உயரமும் ரெண்டு மடங்கு. நாலு டைல்ஸ். பெயின்ட் அதேதான். அப்ப ஒரு டைல்ஸ்க்கு எவ்வளவு?"

"பாதி சார்."

"நாலுல ஒண்ணுடா! மூணு மடங்கு தள்ளினா ஒம்போதுல ஒண்ணு. தூரத்த அதாலயே பெருக்கி வகுக்கணும்."

"அதெப்படி சார், ஒரு எட்டுதான வெச்சோம்?" என்றான் முந்திரி, யாரோ தன்னை ஏமாற்றுவதுபோல.

மறுநாள் காலை ஆறு பேரையும் வார்டுக்கு அழைத்துப் போனேன். மூச்சுத்திணறலோடு சேர்ந்திருந்த ஒரு தச்சர் பெரியவருக்கு நெஞ்சுப் படம். மகள் பக்கத்தில் நின்றிருந்தார். அண்ணன் தட்டை வைத்தார், மெஷினின் தலையைத் திருப்பினார், கயிறு விறைத்தது.

"ஆறடி!"

எல்லோரும் விலகினார்கள். பெரியவர் மெல்ல முகத்தைத் திருப்பினார்.

"யாருக்குப்பா?"

அண்ணன் அடுத்த கட்டளையில் இருந்தார். "மூச்ச நிறுத்துங்க!"

பெரியவரின் கண் விரிந்தது. "எனக்கு அஞ்சேமுக்காலே தாராளம்பா. பலகைய வீணாக்காதீங்க" என்றவர், நிறுத்த வேண்டிய மூச்சை நிறுத்தாமல், கைகால் உதற ஆரம்பித்துவிட்டார். அதற்குள் பொத்தான் அமுங்கிவிட்டது. முந்திரி சிரித்தான். மகள் அழுதார். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனார்.

கண்காணிப்பாளர் அறுவைசிகிச்சை நிபுணர். குறைவாகப் பேசுவார், பேசினால் தையல் போட்ட மாதிரி இருக்கும்.

"உயிரோட இருக்குற மனுஷன்கிட்ட போய், ஆறடி, மூச்ச நிறுத்துன்னு சொன்னீங்களா?"

"சொன்னது அவருக்கு இல்ல மேடம், சுத்தி நிக்கிறவங்களுக்கு..."

"மூச்ச நிறுத்தச் சொன்னது?"

"அது அவருக்குத்தான் மேடம்."

"இனிமே அந்தச் சொல் வார்டுல கேட்டா போர்ட்டபிள் வேற ஆள்கிட்ட போயிடும்."

அண்ணன் முகம் சுருங்கியது. எங்களுக்குப் போர்ட்டபிள் என்றால் முதுகுவலி. அவருக்கு அது தேர். சேர்ந்த நாளில் அந்த மெஷினைத் துடைக்க மட்டுமே அனுமதி இருந்தது. தொட்டு ஓட்டப் பதினொரு வருடம் ஆனது.

மறுநாள் சத்தமில்லாமல் முயன்றார். "கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றார். கொஞ்சம் என்பது ஆளுக்கொரு அளவு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நர்ஸுக்கு அது அரை எட்டு. பார்க்க வந்தவருக்கு, கண்ணை மூடிக்கொள்வது. முந்திரிக்கு, காலை நகர்த்தாமல் தலையை மட்டும் பின்னால் சாய்ப்பது. பெருக்குகிற அம்மா, கதிர் வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தார். "பொத்தான் விட்டதும் அதுவும் இல்லாமப் போயிடும்க்கா, போறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்றேன். "ஒரு காத்தும் வரட்டுமே" என்றார்.

யாரும் ஆறடி போகவில்லை; அண்ணனும் அமுக்கவில்லை. கெஞ்சினார், கையைக் காட்டினார், காத்து நின்றார். பதினொரு படம் கேட்டிருந்தார்கள், மதியத்துக்குள் முடிந்தது நான்கு. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து போன் மேல் போன். சாயங்காலம் கண்காணிப்பாளர் என்னையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து போர்ட்டபிள நீங்க பாத்துக்குங்க. டிகிரி படிச்சவர்தான?"

டிகிரி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதுகு தானாக நிமிரும். நிமிர்ந்தது. பக்கத்தில் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் அமுக்க மாட்டேன் மேடம்" என்றேன்.

"ஏன்?"

"ஆறடி போனாத்தான் அமுக்கணும். படிச்சதே அதான்."

"ஏப்ரன் இருக்குல்ல? ஒரு எட்டுக்கும் ரெண்டு எட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

"அளந்து காட்டட்டுங்களா?"

எக்ஸ்ரே அறையில் மாணவர்களும் நாங்களுமாக இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டிலில் படுக்கவைத்தோம். மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான். கதிர் அதில் பட்டுத்தான் சுற்றிலும் சிதறும், பணியாளர் மேல் படுவது அந்தச் சிதறல். கேனிலிருந்து ஒரு மீட்டரில் ஸ்டூல் போட்டு, கதிரை அளக்கும் மானியை வைத்தோம். எல்லோரும் தடுப்புக்குப் பின்னால் போனோம். அண்ணன் அமுக்கினார். மானி எண்பது காட்டியது. ஸ்டூலை இரண்டு மீட்டருக்கு, அதாவது ஆறடிக்குக் கொஞ்சம் மேலே, நகர்த்தினேன்.

"இப்ப எவ்வளவு வரும் மேடம்?"

"நாப்பது."

முந்திரியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். தன் தப்பை இவ்வளவு பெரிய ஆளோடு பங்குபோடுவான் என்று அவன் நினைத்திருக்க மாட்டான்.

மானி இருபத்தொன்று காட்டியது. நான்கு மீட்டரில் ஆறு. "கணக்குப்படி அஞ்சுதான் வரணும். சுவத்துல பட்டுத் திரும்புறதும் கொஞ்சம் சேருது" என்றேன். ஒரு மீட்டருக்கே திரும்பக் கொண்டுவந்து, மானிக்கு முன்னால் ஏப்ரனைத் தொங்கவிட்டு இன்னொன்று. ஐந்து.

"அப்ப ஏப்ரனே போதுமே" என்றார் கண்காணிப்பாளர்.

அண்ணன் ஏப்ரனை எடுத்துத் தாங்கியில் மாட்டிக்கொண்டே பேசினார். "ஏப்ரன் நாலு இருக்கு மேடம். வார்டுல ஆள் இருவது. அதப் போட்டாலும் தலை வெளிய, கை வெளிய. தூரம் தலைக்கும் சேர்த்து வேலை செய்யும். எத்தன பேர் வேணா போட்டுக்கலாம், தோய்க்கவும் வேணாம்."

கண்காணிப்பாளர் மானியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தூரம் சரி. சொல்லு தப்பு. வேற சொல் கண்டுபிடிங்க. நாளைக்குள்ள. இல்லன்னா வேற ஆள்தான்" என்று போய்விட்டார்.

மறுநாள் காலை மாணவர்களோடு சேர்ந்து சொல் தேடினோம். "ரெண்டு மீட்டர்" நல்லதாகப் பட்டது. பெண்கள் வார்டில் அண்ணன் அதைச் சொன்னதும் ஒரு பாட்டி, "துணியா? வெள்ளைதான?" என்று கேட்டார். "இருநூறு சென்டிமீட்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள், மூச்சைப் பிடித்திருந்தவர் விட்டுவிட்டார். முந்திரி, "தூரப் போ" என்றான். "யாரடா தூரப் போங்குற?" என்று தலைமை நர்ஸ் துரத்தியதில் அவன் மட்டும் முப்பதடி போனான்.

மணி பதினொன்று. தச்சர் பெரியவரின் முதல் படம் உதறலில் மங்கிப்போனதால் திரும்ப எடுக்கச் சொல்லியிருந்தார்கள். திரும்ப எடுப்பது என்றால் அவருக்கும் இன்னொரு முறை கதிர், சுற்றி நிற்பவர்களுக்கும் இன்னொரு முறை. அண்ணனுக்கு அதுவே உறுத்தியது. மெஷினை ஓரமாக நிறுத்திவிட்டு, பெரியவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, அன்னைக்குச் சொன்னது உங்களுக்கு இல்ல. உங்களுக்கு இந்தப் படம் தேவை, அதனால எடுக்குறோம். நாங்க தெனமும் இங்கயே நிக்கிறவங்க, எங்களுக்குத் தேவையில்ல. உங்க மேல பட்டுச் சிதறுறது எங்க மேல விழாம இருக்க நாங்கதான் ஆறடி ஓடணும்."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஓட வேண்டியது நீங்க?"

"ஆமாங்கய்யா."

"இத முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? ரெண்டு நாளா என் மக சோறு திங்கல."

மகள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். இந்த முறை சிரிப்பு. இருபது வருடமாக அண்ணன் சுற்றி நிற்கிறவர்களிடமே கத்தியிருக்கிறார். நடுவில் படுத்திருப்பவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வாசலில் கண்காணிப்பாளர் நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அண்ணன் கயிற்றோடு பின்னால் போனார். விறைத்தது. வாயைத் திறந்தார், வாசலில் கண்காணிப்பாளரைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"என்னப்பா நிக்கிற? சொல்லேன்" என்றார் பெரியவர். அண்ணன் சொல்லாததால் அவரே தலையைத் தூக்கி வார்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "அந்த நர்ஸம்மா நாலரையில நிக்குது. இந்தப் பையன் அஞ்சு. வாசல்ல நிக்கிற டாக்டரம்மா சரியா இருக்காங்க. நகருங்க, நகருங்க! ஆறடி!"

எல்லோரும் நகர்ந்தார்கள். பெரியவர் தானே மூச்சை இழுத்துப் பிடித்தார். பொத்தான் அமுங்கியது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி படம் வந்தது.

கண்காணிப்பாளர் உள்ளே வந்து படத்தைப் பார்த்தார். "எந்தச் சொல் வேணா சொல்லுங்க. படுத்திருக்கிறவர்கிட்ட முதல்ல காரணத்தச் சொல்லிட்டு, அப்புறம் கத்துங்க" என்றார்.

"போர்ட்டபிள் மேடம்?" அண்ணனின் குரல் பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"உங்ககிட்டயேதான். மணி பன்னெண்டாகப் போகுது, இன்னும் எத்தன படம் பாக்கி?"

"ஒம்போது மேடம்" என்றார் அண்ணன். அதற்குள் மெஷினைத் திருப்பிவிட்டிருந்தார்.