வெந்நீரில் சுருங்கிய கோட்டு

அக்கா மகள் யாழினி துணிகளைப் படம் எடுத்துப் பிழைப்பவள். சென்ற வாரம் இரண்டு பெட்டிகளோடு ஜவ்வாது மலைக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

முதல் பெட்டி, காட்டேஜ்கோர் என்ற கிராமத்துப் பாணி. வெள்ளைப் பருத்தி கவுன், பொடிப்பூ அச்சு, பஃப் கை, மார்பில் எலாஸ்டிக் சுருக்கம், ஓரத்தில் லேஸ். மேலே லினன் ஏப்ரன். கசங்கினால்தான் அழகாம். காலை வெயிலில் எடுக்க வேண்டும். வேலையே இல்லாத கிராமம் அது.

இரண்டாவது, டார்க் அகாடமியா என்ற பழைய கல்லூரிப் பாணி. சொரசொரப்பான பழுப்பு ட்வீட் கம்பளிக் கோட்டு, கழுத்தை மூடும் கம்பளி பனியன், மடிப்புப் பாவாடை, தோல் ஷூ. மேகம் கவிந்த மாலை, கையில் தடித்த புத்தகம், முகத்தில் லேசான துக்கம். பரீட்சையே இல்லாத கல்லூரி!

படம் எடுத்தது அந்த மலையூர்ப் பெண் செல்வியின் வீட்டு வாசலில். வேலூரில் பி.ஏ. முதல் வருஷம் முடித்தவள். அப்பாவுக்குக் கால் முறிந்ததில் ஒரு வருஷம் நின்றுவிட்டாள். திரும்பச் சேரத் திங்கள்கிழமைதான் கடைசி நாள். பிரின்சிபாலை நேரில் பார்க்க வேண்டும். அதற்குத்தான் பயம்.

யாழினி கோட்டை அவளுக்கு மாட்டிவிட்டாள். அளவாக இருந்தது. செல்வி நிமிர்ந்து நின்றாள். அவள் அம்மா கதவோரம் நின்று, "டீச்சர் மாரி கீறா" என்றார். கோட்டையும் வெள்ளைக் கவுனையும் அவளுக்கே கொடுத்துவிட்டு வந்தோம். கோட்டைப் போட்டுக்கொண்டு போனால் பிரின்சிபால் எழுந்து நிற்பார் என்று யாழினி கிண்டலடித்தாள். நானும் சிரித்தேன்.

புதன்கிழமை செல்விக்குப் போன் செய்து, பிரின்சிபாலைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"போவல சார்."

ஏன்?

"கோட்டுல வேர்வ வாசன. அழுக்கோட போட்டுனு போவக்கூடாதுன்னு ஞாயித்துக்கிழம தொவச்சேன். சின்னதாயிடுச்சி சார்."

வெந்நீர், சோப்பு, துவைகல். வெள்ளைக் கவுனுக்கும் அதே அடிதான். பருத்திக்கு அது பழகிய வைத்தியம், வெளுத்து வந்தது. கம்பளி வேறு ஜாதி. அதன் இழையில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூட்டிலும் அடியிலும் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு விடாது... எத்தனை இழுத்தாலும்.

கோட்டு இப்போது ஜமக்காளம்போலத் தடித்து, ஆறு வயதுப் பிள்ளைக்குத்தான் ஆகுமாம்.

"வேற சுடிதார் இல்லையா?" என்றேன்.

"இருக்குது சார். அத போட்டுனு அவுங்க எதிர்ல இன்னான்னு நிக்கறது?"  பிறகு, "யாழினி அக்காகிட்ட சொல்லிடாதீங்க. கோட்டு வீணாப்போச்சுன்னு வருத்தப்படுவாங்க" என்றாள்.

கம்பளியை வெந்நீரில் போடாதே என்று சொல்ல மறந்துவிட்டோம், சரி. கோட்டு இல்லாமலும் கல்லூரிக்குப் போகலாம் என்று சொல்ல, எங்கள் இருவரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.