மேற்குச் சுவரை இடிக்க விடாதவள்

என் கொழுந்தியாள் கட்டட இன்ஜினியர். நான் கொத்தனார். படிப்பு எனக்கு ஏறவில்லை. அவளுக்கு ஏறியதோடு வாயும் சேர்ந்து வளர்ந்துவிட்டது. சின்ன வயதிலேயே, அடிக்கக் கை ஓங்கினால் ஓடமாட்டாள், முறைத்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு தையல் கூடத்தைப் பழுது பார்க்கும் வேலையை அவள்தான் எடுத்தாள், ஆள் நான். மேற்குச் சுவர் ஒரு அடிக்கு மேல் கனம். அதை இடித்து, செங்கல்லை மெல்லிசாக வைத்துக் கட்டச் சொன்னார் முதலாளி.

"விடியக்காலம் வந்து தொட்டுப் பாரும்மா. வெளிப்பக்கம் சில்லுனு இருக்கு, உள்பக்கம் வெதுவெதுங்குது. சுவரா இது? அடுப்பு!"

"அது நேத்து வெயில் சார். மத்தியானம் வெளிய அடிச்ச சூடு கனமான சுவரைத் தாண்டி உள்ள வரதுக்குள்ள நடுராத்திரி ஆயிடும். வழியிலயே பெரும்பகுதி தேஞ்சிடும். விடியறப்ப நீங்க தொடுறது அதோட வால். அந்நேரம் இங்க யாரு தைக்கிறா? நீங்களா?"

"மெல்லிசா கட்டினா?"

"மெல்லிசுல அவ்வளவு தேயாது. சாயங்காலமே முழு வேகத்துல வந்து தைக்கிற பொண்ணுங்க முதுகுல ஏறும்."

தையல் மிஷின்கள் நின்றன. பெண்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார். "யோவ், நீ இடிய்யா."

நான் சம்மட்டியைத் தூக்கினேன். அவள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "இடிங்க மாமா. முதல்ல என் மண்டை, அப்புறம் செங்கல்."

வீட்டுக்குப் போய் அவள் அக்காக்காரிக்கு யார் பதில் சொல்வது? கீழே வைத்துவிட்டேன்.

"எனக்கு இடம் வேணும்மா! அந்தக் கனம் மிச்சமானா, நெருக்கி இன்னொரு வரிசை மிஷின் போடலாம்" என்று முதலாளி கடைசியில் கக்கினார்.

"அப்படிச் சொல்லுங்க. சுவர் மேல ஏன் பழி? பின்னால உங்க புதுக் கொட்டகைல மேற்குப் பக்கம் மெல்லிசுச் சுவர்தானே? சாயங்காலம் அந்தச் சுவரோரம் உக்காந்து ஒரு சட்டை தைங்க. முடிச்சிட்டா நானே இடிக்கிறேன்."

முதலாளிக்கு ரோஷம் விடவில்லை. தையல்காரர் மகன்தானே அவரும், போய் உட்கார்ந்தார். வெயில் சாயச் சாயச் சுவர் காந்தியது. காலர் வைக்கும்போது வேர்வை துணியில் சொட்டியது. பக்கத்து மிஷின்காரி, "முதலாளி, எங்களுக்குத் தினமும் இதான்" என்றாள், தலையைத் தூக்காமலே. ஒரு கையைப் பொருத்தினார். மறு கையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் வந்து, "சுவர் இருக்கட்டும். பூசிட்டுக் கிளம்புங்க" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பூசுறோம் சார். கொட்டகைச் சுவருக்கு வெளியே நிழல் பந்தல் எப்போ?"

"சுவர்ல போன இடம் போதாதுன்னு பந்தலுக்கும் இடம் கேக்கறியே, உன்னை யாரும்மா கூப்பிட்டா?"

"நீங்கதான்" என்றவள், பந்தலுக்கு அளவுக் கயிறு பிடிக்க என்னைக் கூப்பிட்டாள்.