அக்காவுக்கு நான் பார்த்துக் கொடுத்த ஊர்

அக்கா ஓய்வு பெற்றதும் ஏற்காடா, நாகப்பட்டினமா என்று முடிவு செய்கிற வேலையை என்னிடம் விட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் நர்சாக இருந்தவள். கணவர் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற புழுதியில் அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. வேறு ஊருக்கு மாறிவிடச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்பும், எது எங்கெங்கே நின்று உயிரை வாங்கும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

"நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும். ரெண்டு ஊரையும் ஒரு தடவ காட்டிடு" என்றாள்.

இரண்டையும் ஒரே மே மாதத்தில் காட்டினேன். ஏற்காட்டுக்கு விடியற்காலையில் கிளம்பி, நேராகப் போகும் சேலம் வண்டியில் அவளுக்கு ஜன்னலோரம் முன் சீட் பிடித்துக் கொடுத்தேன். வெயில் ஏறுவதற்குள் மலைக்குப் போய்விட்டோம். குளிர்காற்றில் அவள் முகம் தெளிந்தது. நாகப்பட்டினத்துக்கு மட்டும் சாவகாசமாகப் பத்து மணிக்கு மேல் கிளம்பினேன். தஞ்சாவூரில் ஒரே ஒரு பஸ் மாறினால் நாலு மணி நேரத்தில் போய்விடலாம். நான் அவளை ஜெயங்கொண்டம், கும்பகோணம், மயிலாடுதுறை என்று சுற்றி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் வண்டிகளாகப் பார்த்து ஏற்றினேன். போய்ச் சேர்ந்தபோது அவள் புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. கடற்கரையைச் சரியாகப் பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியை மட்டும் அவளே விசாரித்தாள், அது அவள் தொழில். நாகையில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது. ஏற்காட்டில் முதலுதவி வரைக்கும் பிரச்சினையில்லை, பெரிதாக ஏதாவது என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குத்தான் போக வேண்டும். "குளிரும் இழுப்புக்கு ஆவாதுடா" என்று இழுத்தாள். நான் விடவில்லை. புயல் என்றேன், வேர்வை என்றேன், உப்புக்காற்று என்றேன். பஸ் வசதியைப் பற்றிக் கேட்டபோது கண்ணைப் பார்க்காமல், "ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்க்கா" என்றேன். அந்த விடியற்காலை வண்டியை விட்டால் ஏற்காட்டுக்கு மூன்று பஸ், அரை நாளுக்கு மேல்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்காவது எழுதிவிடுகிறேன். அவள்தான் என்னை வளர்த்தாள். நாகையில் இருந்தால் உடம்புக்கு ஒன்று என்றதும் நான் ஓட வேண்டும், ஓடாவிட்டால் ஊர் கேட்கும். மலைமேல் இருந்தால் யாரும் என்னை எதிர்பார்க்க மாட்டார்கள். தூரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். வேறு யாருடைய தூண்டுதலும் இதில் இல்லை.

அக்கா ஏற்காட்டில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துப் போனாள். போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்டா" என்பாள். நானும் அதை நம்பவே விரும்பினேன். மார்கழியில் ஒரு நாள் அவளே கூப்பிட்டு, இழுப்பு அதிகமாகி ஆம்புலன்ஸில் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு நாள் இருந்துவிட்டு வீடு திரும்பியதாகச் சொன்னாள்.

"எனக்கு ஏங்க்கா சொல்லல?"

"நீ மூணு பஸ்ஸு மாறி வர்றதுக்குள்ள சரியாயிடும்னு வுட்டுட்டேன்."

மறுநாளே போனேன். ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்து நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் எதிர்வீடு தெரியவில்லை. அவள் பாதியாகியிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு வேண்டுமென்றேதான் சுற்று வழியில் கூட்டிப் போனேன் என்று உடைத்துச் சொன்னேன்.

அவள் மாஸ்க்கை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"தெரியும்டா. தஞ்சாவூர்லதான நான் நர்சிங் படிச்சேன். அங்கேர்ந்து நாகப்பட்டினத்துக்கு எத்தன தடவ போயிருக்கேன்."

"அப்பறம் ஏங்க்கா அந்த வெயில்ல பேசாம வந்த?"

"நீ அவ்ளோ கஷ்டப்பட்டு சுத்தி கூட்டிக்கிட்டுப் போற. நான் பக்கத்துல இருக்கறது உனக்குப் புடிக்கலன்னு புரிஞ்சிடுச்சு. அதுக்கு மேல என்னத்த கேக்கறது?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரமே நாகப்பட்டினத்தில் வீடு பார்க்கிறேன், அங்கே நாலு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்றேன். மாஸ்க்கை மறுபடி மாட்டப் போனவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அங்க இருந்தா வந்துடுவியாடா?"

வருவேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து அது வருவதற்குச் சற்று நேரமானது. அதற்குள் அவள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.